ஆடிட்டரிடம் மாதாமாதம் என்ன கொடுப்பது, என்ன கேட்பது

கேள்வி: மதுரையில் எலெக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு கோடிக்குக் கொஞ்சம் கீழே வியாபாரம். ஜிஎஸ்டி மாதாமாதம் தாக்கல். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து 18, 19 தேதி வாக்கில் போன் செய்து ஒரு தொகை சொல்வார்கள், கட்டிவிடுவேன். அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. மாதம் என்னென்ன பேப்பர் கொடுக்க வேண்டும், அவரிடம் என்ன கேட்க வேண்டும்? கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்றும் இருக்கிறது.

பதில்:

தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். நான் பல வருடம் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதியவன், இப்போது சில கடைகளுக்குத் தனியாகக் கணக்குப் பார்க்கிறேன். கேள்வி கேட்கிற கடைக்காரரின் ஃபைலைத்தான் ஆபீஸில் முதலில் எடுப்பார்கள். ஒன்றும் கேட்காதவரின் ஃபைல் 19-ஆம் தேதி இரவுதான் மேஜைக்கு வரும். உங்களுக்கு 18, 19-இல் போன் வருகிறது என்றால் உங்கள் ஃபைல் அந்தக் கட்டில்தான் இருக்கிறது. அதற்குப் பாதிக் காரணம் பேப்பர் தாமதமாகப் போவதாக இருக்கலாம். அதனால் தேதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மாதாமாதம் தாக்கல் செய்கிறவருக்கு மூன்று தேதிகள் முக்கியம். போன மாத விற்பனை விவரம், அதாவது GSTR-1, இந்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போக வேண்டும். 14-ஆம் தேதி GSTR-2B என்ற பட்டியல் போர்ட்டலில் தானாக உருவாகும். உங்களுக்குச் சரக்கு விற்றவர்கள் உங்கள் ஜிஎஸ்டி எண்ணில் ஏற்றிய பில்கள்தான் அதில் இருக்கும். 20-ஆம் தேதிக்குள் GSTR-3B தாக்கல் செய்து வரி கட்ட வேண்டும். எந்தப் பேப்பர் எப்போது வேண்டும் என்பதை இந்த மூன்றும்தான் முடிவு செய்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு 15-ஆம் தேதி கொண்டுபோய்க் கொடுப்பதில் பயனில்லை. விற்பனை விவரத்துக்கு அது தாமதம். கொள்முதல் பில்லைச் சரிபார்க்கவும் நாள் போதாது.

விற்பனை விவரத்தை 5-ஆம் தேதிக்குள் கொடுங்கள். பில்லிங் சாஃப்ட்வேர் இருந்தால் அந்த மாத விற்பனைப் பதிவேட்டை எக்செலில் எடுத்து மெயில் செய்தால் போதும். கையால் பில் போடுகிறவர் என்றால் பில் புத்தகத்தையே கொடுங்கள். இதில் பலரும் விடுகிற ஒன்று, ரத்து செய்த பில். GSTR-1-இல் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டீர்கள், அதில் எத்தனை ரத்து என்று கேட்கும் இடம் இருக்கிறது. நடுவில் ஓர் எண் காணவில்லை என்றால், அது ரத்தா, கணக்கில் வராத விற்பனையா என்று பின்னால் அதிகாரி கேட்பார். ரத்தான பில்லைக் கிழித்துப் போடாமல் குறுக்கே கோடு போட்டு அதிலேயே வையுங்கள். ஜிஎஸ்டி எண் உள்ள வாடிக்கையாளர்களுக்கு, கான்ட்ராக்டர்களுக்குப் போட்ட பில்களில் எண் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள். திரும்பி வந்த சரக்குக்குக் கிரெடிட் நோட் போட்டிருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். இதை இப்போது சரியாகச் செய்வது முன்பைவிட அவசியம். 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து GSTR-1-இல் போன விற்பனை வரி GSTR-3B-இல் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது, அங்கே கையால் மாற்ற முடியாது. தவறு இருந்தால் GSTR-3B போடுவதற்கு முன் GSTR-1A என்ற திருத்தப் படிவத்தில்தான் சரிசெய்ய வேண்டும்.

கொள்முதல் பில்கள் 10-ஆம் தேதிக்குள் போகட்டும். வாட்ஸ்அப்பில் நாற்பது போட்டோ அனுப்புகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பாதியில் பில் எண் தெரியாது, சிலதில் கட்டைவிரல்தான் தெரியும். பில் வந்த அன்றே மேல் மூலையில் ஒரு வரிசை எண் போட்டு ஃபைலில் வையுங்கள். மாதக் கடைசியில் ஒரு தாளில் வரிசை எண், சப்ளையர் பெயர், பில் எண், தேதி, மொத்தத் தொகை, வரி என்று எழுதி, நகல்களோடு அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை அந்த வருட ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது, ஆடிட்டருடையது அல்ல. அந்த ஒரு தாள்தான் பின்னால் நீங்கள் கேள்வி கேட்கவும் கைகொடுக்கும்.

உங்களுக்கு மாதாமாதம் சொல்லும் தொகை எப்படி வருகிறது என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். அக்டோபர் மாதம் வரி சேர்க்காமல் 8,00,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறீர்கள், எல்லாம் 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். விற்பனை வரி 1,44,000. வாங்கியது 6,50,000, அதற்குக் கொடுத்த வரி 1,17,000. கழித்தால் 27,000 கட்ட வேண்டும் என்று உங்கள் மனக்கணக்கு சொல்லும். ஆனால் 19-ஆம் தேதி போனில் 45,000 என்கிறார்கள். கூடுதலாக 18,000 எங்கிருந்து வந்தது?

GSTR-2B-இல் 99,000 ரூபாய் வரிதான் வந்திருக்கிறது. அதில் வராத பில்லுக்கு வரிக்கழிவு எடுக்க முடியாது. நீங்கள் அந்தப் பணத்தை சப்ளையருக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்பது இந்த இடத்தில் எடுபடாது. உங்கள் தாளையும் GSTR-2B-ஐயும் பக்கத்தில் வைத்து டிக் அடித்துக்கொண்டே வந்தால் மூன்று பில்கள் டிக் இல்லாமல் நிற்கின்றன.

முதலாவது, கோயம்புத்தூர் ஒயர் வியாபாரியின் பில். 60,000 ரூபாய் சரக்கு, வரி 10,800. அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்கிறவர். ஐந்து கோடிக்குள் வியாபாரம் உள்ளவர்களுக்கு அந்த வசதி உண்டு. அவர்கள் காலாண்டின் முதல் இரண்டு மாதங்களிலும் ஐஎஃப்எஃப் என்ற வழியில் பில்களை அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் ஏற்றலாம், ஆனால் அது கட்டாயமில்லை. அவர் ஏற்றவில்லை. இந்தப் பணம் தொலைந்துவிடவில்லை, தாமதமாகிறது. நவம்பர் பில்களோடு சேர்த்து ஏற்றினால் டிசம்பரில் கிடைக்கும், இல்லையென்றால் ஜனவரி 14-இல் வரும். அவருக்கு ஒரு போன் செய்து, "அண்ணாச்சி, என் பில்லை மட்டுமாவது மாதாமாதம் ஏத்திவிடுங்க" என்று சொல்லிவைத்தால் தீர்கிற விஷயம்.

இரண்டாவது, உள்ளூர் டிஸ்ட்ரிபியூட்டர் பில், 25,000-க்கு வரி 4,500. அவர் தாக்கல் செய்துவிட்டார், ஆனால் சாஃப்ட்வேரில் உங்கள் கடைப் பெயரோடு ஒத்துப்போகிற வேறொரு கடையைத் தேர்ந்தெடுத்துவிட்டார். நம் ஊரில் முருகன் எலெக்ட்ரிக்கல்ஸ் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள், இது ஏன் அடிக்கடி நடக்கிறது என்று புரியும். அவர் தன்னுடைய அடுத்த GSTR-1-இல் திருத்த வேண்டும். பில்லின் நகலையும் உங்கள் ஜிஎஸ்டி எண்ணையும் எழுத்தில் அனுப்பிக் கேளுங்கள், போனில் சொன்னால் மறந்துவிடுவார்.

மூன்றாவது, கடைக்கு என்று ஆன்லைனில் வாங்கிய பில் பிரிண்டர், 15,000-க்கு வரி 2,700. உங்கள் சொந்த அக்கவுன்ட்டில், ஜிஎஸ்டி எண் கொடுக்காமல் ஆர்டர் போட்டீர்கள். பில்லில் உங்கள் பெயர் மட்டும்தான். அந்த 2,700 பெரும்பாலும் போனதுதான். அடுத்த முறை பிசினஸ் அக்கவுன்ட் திறந்து எண்ணைச் சேர்த்துவிட்டு வாங்குங்கள்.

10,800, 4,500, 2,700 சேர்ந்து 18,000. ஆக, 45,000 என்பது சரியான தொகை. ஆனால் அதில் 15,300 திரும்பக் கிடைக்கக்கூடிய பணம், யாராவது துரத்தினால். ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிற பையனுக்கு இருநூறு ஃபைல், அவன் துரத்த மாட்டான். அதனால் மாதாமாதம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "என் பில்லில் இருந்து GSTR-2B-இல் வராதது எது எது?" 16-ஆம் தேதி கேளுங்கள். பட்டியலாகவே வாங்குங்கள். போன மாதம் வராமல் நின்றது இந்த மாதம் வந்ததா என்பதையும் அதிலேயே பாருங்கள். இதற்குக் கெடுவும் உண்டு. ஒரு நிதியாண்டின் பில்லுக்கு அடுத்து வரும் நவம்பர் 30 வரைதான் (அதற்கு முன்பே ஆண்டறிக்கை தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதி வரைதான்) வரிக்கழிவு எடுக்கலாம். அதன்பின் சப்ளையர் திருத்தினாலும் உங்களுக்குப் பயனில்லை.

சில ஆபீஸ்களில் உங்கள் முகம் கோணக்கூடாது என்று, வராத பில்லையும் சேர்த்து 1,17,000 எடுத்துவிடுவார்கள். அன்றைக்கு 27,000-இல் முடிந்தது என்று சந்தோஷமாக இருக்கும். ஒன்றிரண்டு வருடம் கழித்து நோட்டீஸ் வரும்போது, தகுதியில்லாமல் எடுத்துப் பயன்படுத்திய தொகையை 18 சதவீத வட்டியோடு கேட்பார்கள். எனவே தொகை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தாலும் ஏன் என்று கேளுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு விதி: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்கு முழுப் பணமும் கொடுக்கவில்லை என்றால், எடுத்த வரிக்கழிவை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்த பிறகு மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆடிட்டருக்கு யாருக்கு எவ்வளவு பாக்கி என்று தெரியாது. ஐந்து மாதம் தாண்டிய பாக்கி இருந்தால் அந்தப் பட்டியலையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது வங்கி ஸ்டேட்மென்ட். நடப்புக் கணக்கின் முழு மாத ஸ்டேட்மென்ட்டை பிடிஎஃப்பாகவும் எக்செலாகவும் கொடுங்கள். அதைவிட முக்கியம், எது என்ன என்று எதிரே எழுதிக் கொடுப்பது. கணக்கு எழுதுகிறவருக்குத் தெரிவது வெறும் யுபிஐ எண்ணும் ஒரு பெயரும்தான். மச்சான் கைமாற்றாகக் கொடுத்த 50,000, சீட்டு எடுத்த பணம், பழைய பாக்கி வந்தது, அன்றைய விற்பனை எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் ஊகித்து எழுதுவார். உங்கள் கடன் விற்பனையாகிவிடலாம், விற்பனை கடனாகிவிடலாம். கடன் இருந்தால் அதன் தவணை அட்டவணையும் வேண்டும், ஏனென்றால் இஎம்ஐ முழுவதும் செலவு ஆகாது, வட்டிப் பங்கு மட்டும்தான். ஒன்று சொல்லிவைக்கிறேன், கைமாற்றை ரொக்கமாக வாங்காதீர்கள். ஒருவரிடம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால் வருமான வரிச் சட்டத்தில் அதே தொகைக்கு அபராதம் போட இடமிருக்கிறது.

செலவுச் சீட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கரண்ட் பில், லோடு மேன் கூலி, சம்பளம் எல்லாம் ஒரு கவரில் போடுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது வருமான வரிக் கணக்கில் செலவாக ஏறாது என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள். லாரி வாடகைச் சீட்டுகளைத் தனியாகக் காட்டுங்கள், சிலவற்றில் வரியை வாங்குகிற நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

ஆனால் கடை வாடகை பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்டுக்கொள்ளாத கடைக்காரர்கள் நிறையப் பேர். 2024 அக்டோபர் 10-இலிருந்து, கட்டட உரிமையாளருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லையென்றால், கடைக்குக் கொடுக்கும் வாடகை மீதான 18 சதவீத வரியைப் பதிவு உள்ள வாடகைதாரர்தான் கட்ட வேண்டும். வாடகை 15,000 என்றால் மாதம் 2,700. இதை வரிக்கழிவில் தட்டிவிட முடியாது, பணமாகத்தான் கட்ட வேண்டும். கட்டிவிட்டு அதே மாதக் கணக்கில் கழிவாக எடுத்துக்கொள்ளலாம், எனவே கையை விட்டுப் போவதில்லை. மறந்தால்தான் வட்டி. வாடகை ஒப்பந்த நகலை ஒருமுறை கொடுத்து, உரிமையாளருக்கு ஜிஎஸ்டி எண் இருக்கிறதா இல்லையா என்று எழுதிக் கொடுத்துவிட்டு, "வாடகைக்கு வரி போடுகிறீர்களா?" என்று இந்த மாதமே கேளுங்கள். தொகுப்புத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது இல்லை, உங்களுக்கு உண்டு.

அப்புறம் ஓடிபி. தனிநபர் கடை என்பதால் உங்கள் ஜிஎஸ்டி தாக்கல் ஓடிபி மூலம்தான் நடக்கும். அது யாருடைய போனுக்கு வருகிறது? உங்கள் போனுக்கு என்றால், அந்த நிமிடம்தான் உங்கள் கையெழுத்து. "சார், ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்றதும் சொல்லிவிடாமல், தாக்கல் செய்யப்போகிற GSTR-3B-இன் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். விற்பனை, வரிக்கழிவு, கட்டுகிற தொகை ஆகிய மூன்றை மட்டும் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லுங்கள். உங்கள் போனுக்கு ஓடிபி வருவதே இல்லை என்றால், பதிவு எடுத்தபோது ஆபீஸில் அவர்களுடைய நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். நோட்டீஸ் வந்தாலும் அவர்களுக்குத்தான் தகவல் போகும். போர்ட்டலில் Services > Registration > Amendment of Registration Non-Core Fields என்ற இடத்தில் போன் எண்ணையும் மெயிலையும் மாற்றலாம். கூடவே இருந்து மாற்றித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் கடை ஆவணங்களோடு உங்கள் பகுதி ஜிஎஸ்டி அதிகாரியிடம் போய் மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

வரிப் பணத்தை ஆபீஸில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், அவர்களுக்கு ஜிபே செய்யாதீர்கள். சலான் மட்டும் அவர்கள் போடட்டும், பணம் உங்கள் கணக்கிலிருந்து நேராகப் போகட்டும். தாக்கல் முடிந்ததும் ARN எண்ணோடு வரும் GSTR-3B பிடிஎஃப் உங்களுக்கு வர வேண்டும். அவர்கள் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டியதும் இல்லை. gst.gov.in தளத்தில் Search Taxpayer என்பதில் உங்கள் எண்ணைப் போட்டு Show Filing Table அழுத்தினால், எந்த மாதம் எப்போது தாக்கலாகியிருக்கிறது என்று லாகின் இல்லாமலே தெரியும். 21-ஆம் தேதி ஒரு நிமிட வேலை. புது சப்ளையரிடம் பெரிய ஆர்டர் கொடுக்கும் முன் அவர் எண்ணையும் அங்கே போட்டுப் பாருங்கள். மாதக்கணக்கில் தாக்கல் செய்யாதவர் என்றால் அவர் தருகிற விலைக்குறைவு வரியில் போய்விடும்.

அதே லாகினுக்குள் நோட்டீஸ்கள் இரண்டு இடத்தில் வரும்: View Notices and Orders, View Additional Notices/Orders. இரண்டாவதை ஆபீஸ்களிலேயே பார்க்காமல் விடுவதுண்டு. தபாலில் வரும் என்று காத்திருந்து, பதில் சொல்லும் கெடு முடிந்து, ஒருதலைப்பட்சமாக ஆணை போடப்பட்ட கேஸ்கள் ஏராளம். "இரண்டு இடத்திலும் பார்த்தீர்களா?" என்று மாதம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது மாதக் கட்டணத்தில் அடங்குமா, தனியா என்பதை இப்போதே பேசிவைப்பது நல்லது. வந்த பிறகு பேசினால் பேரம் உங்கள் கையில் இருக்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்னும் இரண்டு எண் கேளுங்கள். ஒன்று, கணக்குப்படி கையில் உள்ள ரொக்கம். கல்லாவில் 20,000 இருக்கும், டேலியில் 9 லட்சம் காட்டும். வீட்டுச் செலவுக்கும் பிள்ளைகள் ஃபீஸுக்கும் எடுத்தது எழுதப்படவில்லை என்று அர்த்தம். சில சமயம் மைனஸில் காட்டும், அப்படியென்றால் ஏதோ வரவு விட்டுப்போயிருக்கிறது. எடுத்ததை ஒரு நோட்டில் குறித்து மாதப் பேப்பரோடு கொடுத்தால் இது வராது. இரண்டாவது, சரக்கிருப்பு. மார்ச் 31-ஆம் தேதி இருப்பை நீங்கள் எண்ணிக் கொடுக்காவிட்டால், ஆபீஸில் லாப சதவீதத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி இருப்பைப் பின்னோக்கிப் போடுவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான், யாரும் வெளியே சொல்வதில்லை. நாலு வருடம் இப்படிப் போனால் கணக்கில் 40 லட்சம் சரக்கு, கடையில் 15 லட்சம் சரக்கு என்று நிற்கும். வங்கி அதிகாரி ஓவர்டிராஃப்ட்டுக்காகக் கடையைப் பார்க்க வரும் நாளில் அதைச் சரிசெய்ய முடியாது.

கடைசியாக, எப்போதாவது ஆடிட்டரை மாற்ற நேர்ந்தால் பேச்சு முறிவதற்கு முன்பே டேலி பேக்அப், தாக்கல் செய்த படிவங்கள், சப்ளையர் பாக்கிப் பட்டியல் மூன்றையும் பென் டிரைவில் வாங்கிவிடுங்கள். இப்போதுகூட வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரலில், அந்த பேக்அப்பைக் கேட்டு வாங்கி வைக்கலாம். ஜிஎஸ்டி, வருமான வரி, இ-வே பில் மூன்றின் பாஸ்வேர்டையும் மாற்றிய பிறகு புதியவரிடம் கொடுங்கள்.